ஆப்பிளில் அரிப்பு, பிர்ச் மரத்தில் காரணம்

(தக்கலையில் ஒரு மாலைக் கூட்டத்தில் ஒவ்வாமை மருத்துவர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அவையோர் அனைவருக்கும் வணக்கம். வாய் அரிப்பு நம் மாவட்டத்தாருக்குப் புதிய செய்தி அன்று. சேனைக்கிழங்கை அரைவேக்காட்டில் இறக்கிவிட்டு அன்று முழுவதும் நாக்கைத் தேய்த்துக்கொண்டிருந்தவர்கள் இங்கேயே சிலர் இருப்பீர்கள். அந்த அரிப்புக்குக் காரணம் கால்சியம் ஆக்சலேட் என்னும் உப்பின் ஊசி போன்ற படிகங்கள். அவை யார் தின்றாலும் குத்தும். நான் பேச வந்திருப்பது வேறொரு அரிப்பு. ஒரே ஆப்பிளை நான்காக அரிந்து நால்வர் தின்றால் மூவருக்கு ஒன்றும் ஆகாது. நான்காமவருக்கு மட்டும் சில நிமிடங்களில் உதடும் மேலண்ணமும் தொண்டையும், சிலருக்குக் காதின் உட்புறமும் அரிக்கத் தொடங்கும். அரைமணி, ஒருமணி நேரத்தில் தானாகவே அடங்கிவிடும்.

என்னிடம் வந்த ஒரு பெண்ணின் கதையை, அவர் யாரென்று தெரியாதபடி சில விவரங்களை மாற்றிச் சொல்கிறேன். மார்த்தாண்டத்துக்கு அருகே ரப்பர் பால்வெட்டும் குடும்பத்தில் பிறந்து, செவிலியர் படிப்பை முடித்து, ஜெர்மனிக்கு வேலைக்குப் போனவர் அவர். முதல் இரண்டு ஆண்டுகள் எந்தத் தொல்லையும் இல்லை. மூன்றாம் ஆண்டு ஏப்ரலில் தும்மலும் மூக்கடைப்பும் கண் அரிப்பும் வந்தன. அங்கே வசந்தத்தில் பிர்ச் மரம் பூத்து மகரந்தம் காற்றில் பறக்கும் காலம் அது. (வடமொழியில் பூர்ஜம் என்று பெயர் பெற்று, பட்டையில் ஏடு எழுதப்பட்ட இமயமலை மரமும் இந்த இனத்தைச் சேர்ந்ததுதான்.) அதே ஆண்டு இலையுதிர் காலத்தில் ஆப்பிளைக் கடித்தபோது வாய் அரித்தது. மேலே பூசிய மெழுகோ தெளித்த மருந்தோ என்று நினைத்துத் தோலைச் சீவித் தின்று பார்த்திருக்கிறார். அரிப்பு சற்றுக் குறைந்தது. உடனே மெழுகுதான் குற்றவாளி என்று முடிவு கட்டிவிட்டார். உண்மையில் அரிப்பை உண்டாக்கும் புரதம் தோலில் கூடுதலாகவும் சதையில் குறைவாகவும் இருப்பதால்தான் அப்படி நேர்ந்தது. ஆனால் அவர் தற்செயலாகச் சொன்ன இன்னொரு செய்திதான் எனக்கு வழியைக் காட்டியது: அதே ஆப்பிளை அடுப்பில் சுட்டுச் செய்யும் கேக்கை அவர் தயக்கமின்றிச் சாப்பிடுகிறார், ஒன்றும் ஆவதில்லை.

பிர்ச் மகரந்தத்தில் பெட் வி 1 என்று பெயரிடப்பட்ட ஒரு புரதம் இருக்கிறது. அதன் மரபணுவை 1989-இல் வியன்னாவைச் சேர்ந்த ஆய்வாளர்கள் பிரித்தெடுத்துக் காட்டினார்கள். நோய், குளிர், காயம் போன்ற நெருக்கடிகளின்போது செடிகள் கூடுதலாக உற்பத்தி செய்யும் ஒரு பெரிய புரதக் குடும்பத்தில் இதுவும் ஒன்று. அதே குடும்பத்துப் புரதம் ஆப்பிளில் மால் டி 1 என்றும், கிவியில் ஆக்ட் டி 8 என்றும் பெயர் பெற்றிருக்கிறது. புரதத்தைக் கட்டும் அமினோ அமிலங்களின் வரிசையை எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டால் ஆப்பிள் புரதம் பிர்ச் புரதத்தோடு பாதிக்குச் சற்று மேல்தான் ஒத்துப்போகும். ஆனால் மடிந்து நிற்கும் வடிவம் ஏறத்தாழ ஒன்றே. நம் உடல் பிர்ச் மகரந்தத்துக்கு எதிராக உருவாக்கிய ஐ.ஜி.இ. என்னும் எதிர்ப்பொருள் பார்ப்பது அந்த மேல்வடிவத்தைத்தான். ஆகவே அண்ணன் மீதுள்ள வழக்கில் தம்பியைப் பிடிப்பதுபோல், மகரந்தத்துக்காகக் காத்திருந்த எதிர்ப்பொருள் பழத்தைப் பிடித்துக்கொள்கிறது. வாயின் உட்தோலிலுள்ள மாஸ்ட் செல்கள் என்னும் காவல் செல்களின் மேல் இந்த எதிர்ப்பொருள்கள் அமர்ந்திருக்கின்றன. பழப் புரதம் அருகருகே உள்ள இரண்டை இணைத்தவுடன் அந்தச் செல் ஹிஸ்டமின் என்னும் அரிப்பூட்டும் பொருளைக் கொட்டுகிறது. அதுவே அரிப்பு.

அரிப்பு ஏன் பெரும்பாலும் வாயோடு நின்றுவிடுகிறது என்பதற்கும் கேக் ஏன் அரிக்கவில்லை என்பதற்கும் விடை ஒன்றே. இந்தப் புரதத்தின் மடிப்பு மிகவும் மென்மையானது. சூட்டில் அது குலைந்துவிடும். இரைப்பையின் அமிலமும் பெப்சினும் அதை விரைவில் துண்டாடிவிடும். வடிவம் போனபின் எதிர்ப்பொருளுக்கு அடையாளம் தெரிவதில்லை. நெஞ்செரிச்சலுக்காக அமிலத்தைக் குறைக்கும் மாத்திரை எடுப்பவர்களுக்கும், ஒரே மூச்சில் பெரிய குவளை பச்சைப் பழச்சாறு குடிப்பவர்களுக்கும் இந்தக் காவல் சற்றுத் தளர்கிறது என்பதை நினைவில் கொள்ளுங்கள்.

நம் ஊரில் பிர்ச் இல்லையே, விடுமுறைக்கு வந்தபோதும் அவருக்கு ஏன் அரித்தது என்று கேட்கலாம். எதிர்ப்பொருள் விமானத்தில் ஏறும்போது விடைபெற்றுப் போய்விடுவதில்லை. அதோடு, நம் கடைகளுக்கு வரும் ஆப்பிள் இமாச்சலத்திலோ காஷ்மீரிலோ வெளிநாட்டிலோ பறித்துப் பல மாதம் குளிர்பதனக் கிடங்கில் இருந்துவிட்டு வருவதாக இருக்கலாம். கிடங்கில் இருக்க இருக்க மால் டி 1 கூடுகிறது. வெளிநாடே போகாதவர்களுக்கும் இத்தகைய அரிப்பு வருவதுண்டு. புல் மகரந்தத்திலும் பழங்களிலும் பொதுவாக உள்ள புரொஃபிலின் என்னும் வேறொரு புரதம் சிலருக்கு அதற்குக் காரணமாகிறது. அதுவும் சூட்டில் குலையக்கூடியதே.

கிவியை மட்டும் ஆப்பிளோடு சேர்த்து ஒரே கணக்கில் எழுதிவிடக் கூடாது. அதில் சேனையைப் போலவே ஆக்சலேட் ஊசிகளும் உண்டு. புரதத்தைச் செரிக்கும் ஆக்டினிடின் என்னும் நொதியும் உண்டு. ஆகவே ஒவ்வாமை இல்லாதவருக்கும் நாக்கு சுரசுரக்கலாம். பிர்ச்சால் வரும் அரிப்பு இரண்டாவது வகை. மூன்றாவது, மகரந்தத்தோடு எந்தத் தொடர்பும் இல்லாமல் ஆக்டினிடினுக்கே எதிர்ப்பொருள் உண்டாவது. இதுதான் உடல் முழுவதும் தடிப்பு, மூச்சுத்திணறல் என்று முற்றக்கூடியது. நான்காவது நம் மாவட்டத்துக்கே உரிய கவலை: ரப்பர் பாலின் புரதத்துக்கு ஒவ்வாமை உள்ளவர்களுக்குக் கிவியும் வாழைப்பழமும் அவகாடோவும் ஒத்துக்கொள்ளாமல் போகலாம். பால்வெட்டுக் குடும்பத்தில் பிறந்து நாள் முழுவதும் கையுறை அணியும் செவிலியர் என்றால் இதை விசாரிக்காமல் விடவே முடியாது.

விசாரித்தோம். ரப்பர் கையுறையால் அவருக்குத் தடிப்பு வந்ததில்லை. ஊருக்கு வந்தால் தினமும் மட்டிப்பழம் தின்கிறார். அலர்ஜி மாத்திரையை ஒரு வாரம் நிறுத்தச் சொல்லிவிட்டுத் தோலில் குத்திப் பார்க்கும் சோதனை செய்தோம். சோதனைக்கென்றே புட்டியில் வந்த ஆப்பிள் சாற்றுக்கு எதுவும் எழும்பவில்லை. வடசேரிச் சந்தையில் வாங்கி வரச் சொன்ன சமைக்காத ஆப்பிளில் ஊசியைக் குத்தி, அதே ஊசியால் முன்கையில் குத்தியபோது, கால்மணி நேரத்தில் 6 மில்லிமீட்டர் தடிப்பு எழுந்தது. 3 மில்லிமீட்டரே போதுமான சான்று. புட்டிக்குள் அந்த மென்மையான புரதம் சிதைந்துபோயிருந்ததே வேறுபாட்டுக்குக் காரணம். புட்டியை மட்டும் நம்பியிருந்தால் ஒவ்வாமை இல்லை என்று எழுதி அனுப்பியிருப்போம். இரத்தப் பரிசோதனையில் மால் டி 1, ஆக்ட் டி 8 இரண்டுக்கும் எதிர்ப்பொருள் இருந்தது. ஆக்டினிடினுக்கும் ரப்பர் பாலுக்கும் இல்லை. சமைத்தாலும் குலையாத இன்னொரு ஆப்பிள் புரதம் உண்டு. அது வினை புரிந்தால் ஆபத்து மிகுதி. நல்லவேளையாக அதற்கும் இல்லை.

எனவே ஆப்பிளை வேகவைத்துச் சாப்பிடலாம் என்றும், கிவியை விட்டுவிடுவது எளிது என்றும் சொன்னேன். வாயைத் தாண்டிக் குரல் கம்மினாலோ, மூச்சு இரைந்தாலோ, வாந்தியோ தலைசுற்றலோ வந்தாலோ தண்ணீர் குடித்துக்கொண்டு காத்திருக்கக் கூடாது. அப்போது வேண்டியது தொடையில் போடும் அட்ரினலின் ஊசி, 108-ஐ அழைக்க வேண்டும்.

அவர் எழுந்து போகும்போது, சக்கைச்சுளையும் சில நாட்களாக அரிக்கிறதே, அதைச் சொல்ல வெட்கமாக இருந்தது என்றார். வெட்கப்பட ஒன்றுமில்லை, பிர்ச் ஒவ்வாமை உள்ள ஐரோப்பியர்களிடம் பலாப்பழத்துக்கும் இதே அரிப்பு மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கிறது. சக்கை வரட்டி அரிக்கிறதா என்று கேட்டேன். இல்லை என்றார். வெல்லத்தோடு மணிக்கணக்கில் உருளியில் கிண்டியதில் எந்தப் புரதத்தின் மடிப்பு தாக்குப்பிடிக்கும்? திரும்பிப் போகும்போது இரண்டு புட்டி எடுத்துக்கொண்டு போனதாகப் பின்னர் தெரிவித்தார்.