காம்ப்ரிஹென்சிவ் தேர்வு: இரண்டாவது கேள்விக்குத்தான் தயாராக வேண்டும்

வணக்கம். கேரள-தமிழக எல்லையில் இருக்கும் கொழிஞ்சாம்பாறையிலிருந்து பேசுகிறேன். பின்னால் இரைச்சல் கேட்டால் அது வேலந்தாவளம் பஸ். வெளிச்சம் மாடியில்தான் இருக்கிறது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

முனைவர் பட்ட காம்ப்ரிஹென்சிவ் தேர்வுக்கு எப்படித் திட்டமிடுவது என்று பலர் கேட்டிருந்தீர்கள். ஆய்வேட்டைக் கொடுத்த பிறகு நடக்கும் வைவா வேறு. இது கோர்ஸ் ஒர்க் முடிந்ததும் வருவது. ஆய்வில் இறங்கும் அளவுக்குத் துறை தெரியுமா என்று பார்ப்பார்கள். சில இடங்களில் எழுத்துத் தேர்வும் உண்டு, சில இடங்களில் வாய்மொழி மட்டும். முதல் வேலையாக உங்கள் துறையின் விதியை வாங்கிப் படித்துவிடுங்கள்.

என் துறை மொழியியல். மொழிகள் ஒன்றோடொன்று உரசும்போது என்ன நடக்கிறது என்பது என் பகுதி. இந்த ஊரில் வளர்ந்தவளுக்கு வேறென்ன பிடிக்கும்! ஆறு மாதம் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். முதல் மாதம் படிக்க உட்காராதீர்கள். வாசிப்புப் பட்டியலைப் பேரம் பேசுங்கள். குழுவில் இருக்கும் ஒவ்வொரு பேராசிரியரும் நூல்களைச் சேர்த்துக்கொண்டே போவார், யாரும் நீக்க மாட்டார். எழுபது தலைப்புகள் ஆனதும் அதை மூன்றாகப் பிரித்து அவர்களிடமே காட்டி ஒப்புதல் வாங்குங்கள்: முழுதாகப் படிப்பவை, சில அத்தியாயங்கள் மட்டும் படிப்பவை, வாதம் தெரிந்தால் போதும் என்பவை. முதல் வகை இருபத்தாறைத் தாண்டினால் அடுத்த மூன்று மாதங்களில் முடியாது, ஏனென்றால் வாரத்துக்கு இரண்டுக்கு மேல் ஊன்றிப் படிக்க ஆளால் ஆகாது.

குறிப்பு எழுதுவதில்தான் பெரும்பாலோர் நேரத்தைத் தொலைக்கிறார்கள். நூலின் சுருக்கத்தை நூலாசிரியரின் சொற்களிலேயே எழுதி வைப்பார்கள். ‘இந்த நூல் என்ன சொல்கிறது?’ என்ற முதல் கேள்விக்கு அது உதவும், ‘எப்படித் தெரியும்?’ என்று தொடரும் இரண்டாவது கேள்விக்கு உதவாது. ஒன்றை எடுத்துக் காட்டுகிறேன்.

கம்பர்ஸும் வில்சனும் 1971-இல் குப்வார் பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். மகாராஷ்டிராவின் தென்பகுதியில், கர்நாடக எல்லைப் பக்கம் இருக்கும் ஊர் அது. மராத்தி, உருது, கன்னடம் மூன்றும் அங்கே பலகாலமாகக் கூடவே புழங்கின. “மூன்று மொழிகளின் இலக்கணமும் நெருங்கி வந்துவிட்டது” என்று மட்டும் எழுதினால் அது செத்த குறிப்பு. என் அரைப் பக்கத்தில் நான்கு விஷயங்கள் இருக்கும். முதலில் வாதம்: வாக்கிய அமைப்பு ஒன்றுபோல் ஆனது, சொற்கள் பெரும்பாலும் தனித்தனியாகவே நின்றன. அடுத்து, நான் வாயால் சொல்லக்கூடிய ஒரே ஒரு சான்று: ‘இது என் வீடு’ என்று தமிழில் சொல்வதுபோல, வினை இல்லாமலே முடியும் வாக்கியம் பொதுக் கன்னடத்தில் உண்டு, குப்வார் கன்னடம் அந்த இடத்தில் மராத்தி, உருதுபோல் ஒரு வினையை வைத்துக்கொண்டது. பிறகு காரணம்: வீட்டுக்குள் அவரவர் மொழி சமூக அடையாளமாக நின்றது, வெளியே எல்லோரும் எல்லோரோடும் பேச வேண்டியிருந்தது. கடைசியில் என் ஐயம்: ஒரே ஊரின் நிலையை வைத்து எவ்வளவு தூரம் பொதுமைப்படுத்தலாம்?

குறிப்பு உயிரோடு இருக்கிறதா என்று ஒரு வாரம் கழித்துப் பாருங்கள். தாளை மூடிவிட்டு இரண்டு நிமிடம் பேசுங்கள். சான்றுக்கு வரும்போது நாக்கு திணறினால், வாசித்தது வாதத்தை அல்ல, முன்னுரையை.

ஐந்தாவது மாதம் புதிதாக எதுவும் படிக்காமல் குறிப்புகளைக் கேள்வி வாரியாக அடுக்குங்கள். ‘இலக்கணம் கடன் வாங்கப்படுமா?’ என்ற தலைப்பின் கீழ் குப்வார் வரும். இந்தியாவை ஒரு மொழிப்பகுதியாக, அதாவது வெவ்வேறு குடும்ப மொழிகள் கூடிப் புழங்கி ஒத்த இயல்புகளைப் பெற்ற இடமாகப் பார்த்த எமனோவின் 1956 கட்டுரையும் வரும். ஒரு கட்டுரை ஒரு ஊரைப் பார்க்கிறது, மற்றது ஒரு துணைக்கண்டத்தை. இரண்டையும் எதிரெதிரே உட்கார வைத்தால் தேர்வில் கேட்கக்கூடிய கேள்வி தானே எழும்.

ஆறாவது மாதம் ஒத்திகை. கேட்பவர் உங்கள் துறைக்காரராக இல்லாவிட்டால் இன்னும் நல்லது. என்னைக் கேட்பது வணிகவியல் படிக்கும் தங்கை. அவளிடம் மூன்று கேள்விகள் எழுதிய சீட்டு இருக்கும்: எப்படித் தெரியும்? வேறு காரணம் இருக்கலாமே? இது இல்லையென்றால் என்ன நஷ்டம்?

குப்வாரைச் சொல்லி முடித்ததும் அவள், “சரி அக்கா, அந்தக் கன்னடம் முன்பே அப்படி இருந்திருக்கலாமே?” என்றாள். சரியான அடி. அந்த ஊரின் பழைய பேச்சு நமக்குப் பதிவாகக் கிடைக்கவில்லை. பொதுக் கன்னடத்தோடு ஒப்பிட்டுத்தான் மாற்றம் என்கிறோம். சுற்று வட்டார வழக்குகளோடும் ஒப்பிட வேண்டும் என்பதே நேர்மையான பதில். தெரியாத இடத்தில் தெரியாது என்று சொல்லி, எந்தத் தரவு இருந்தால் தீரும் என்று சேர்த்துச் சொல்லுங்கள். குழு அதைத்தான் எதிர்பார்க்கிறது. வெறும் “தெரியாது” என்று நிறுத்தினால் அடுத்த கேள்வி இன்னும் அடிப்படைக்குப் போகும்.

ஒத்திகையைப் போனில் பதிவு செய்து கேளுங்கள். என்னுடையதில் ஒவ்வொரு பதிலும் ஆசிரியர் பெயரில் தொடங்கியது. வாதம் மூன்றாவது வாக்கியத்தில்தான் வந்தது. இப்போது வாதத்தை முதலில் சொல்லிவிட்டுப் பெயரைப் பின்னால் வைக்கிறேன். உங்கள் பகுதி வேறு என்றால் அந்த மூன்று கேள்விகளை எப்படி மாற்றுவீர்கள் என்று கீழே எழுதுங்கள், குறிப்பாக அறிவியல்காரர்கள்.