ஆடித் தள்ளுபடி 10 பர்சென்ட்: எத்தனை சட்டை கூட விக்கணும்?

வணக்கம்ங்க. ஆடி வருது, "10 பர்சென்ட் தள்ளுபடி"ன்னு போர்டு மாட்டப் போறீங்க. 10 குறைச்சா 10 பர்சென்ட் கூட வித்தா சரியாப் போயிடும்னு நிறைய கடைக்காரங்க நினைக்கறாங்க. போகாதுங்க.

ஒரு ரெடிமேட் சட்டைய எடுத்துக்குவோம். விலை 800, அடக்கம் கவரோட சேர்த்து 560. ரெண்டுமே ஜிஎஸ்டி கழிச்ச தொகை. சட்டைக்கு 240 ரூபாய் நிக்குது. மாசம் 100 சட்டை போனா 24,000.

இப்ப 80 ரூபாய் குறைக்கறீங்க, விலை 720. அடக்கம் அதே 560தான். அந்த எண்பதை மொத்த வியாபாரி ஒண்ணும் தரப் போறதில்ல, உங்க 240லேர்ந்துதான் போகுது. மிச்சம் 160. 24,000ஐ 160ஆல வகுத்தா 150 சட்டை. அதாவது 50 கூட விக்கணும். இதே 20 பர்சென்ட்னா நிக்கறது 80தான், 300 சட்டை விக்கணும். தள்ளுபடி ரெண்டு மடங்குதான் ஆச்சு, கூட விக்க வேண்டியது 50லேர்ந்து 200க்குப் போயிடுச்சு பாருங்க.

ஃபார்முலா வேணும்னா ஸ்கிரீன்ல போடறேன்:

```
தள்ளுபடி ÷ (மார்ஜின் − தள்ளுபடி)
10 ÷ (30 − 10) = 0.5
```

0.5ன்னா இப்ப விக்கறதுல பாதி, 100 சட்டைக்கு 50 கூட. இதுல மார்ஜின்ங்கறது விக்கற விலை மேல போட்டது. 240ஐ 800ஆல வகுத்தா 30 பர்சென்ட். நம்ம ஆளுங்க பழக்கத்துல அடக்கத்து மேல போடுவாங்க, 240ஐ 560ஆல வகுத்து 43 பர்சென்ட்னு. அதை ஃபார்முலால போட்டா 30 சட்டை கூட வித்தா போதும்னு காட்டும். 130 சட்டைய 160ஆல பெருக்குங்க, 20,800. கடை நிறைய கூட்டம், கைல 3,200 குறைவு.

வாடகை, சம்பளத்தை இதுல சேர்க்காதீங்க, தள்ளுபடி போட்டாலும் போடாட்டியும் அது குடுக்கறதுதான். ஆனா இதுக்காகவே அடிச்ச ஃபிளெக்ஸ், நோட்டீஸ் 4,000 ஆச்சுன்னா அது சேரும். 160ஆல வகுத்தா இன்னும் 25 சட்டை. இலக்கு இப்ப 175.

அடுத்தது பில்லுல தெரியாத நஷ்டம். தீபாவளிக்கு முழு விலைக்கு வாங்க இருந்தவங்க ஆடியிலயே எடுத்துட்டுப் போயிடுவாங்க. அப்படி 20 சட்டைன்னு வெச்சுக்குங்க. ஐப்பசில வர வேண்டிய 4,800 போச்சு, அதை ஈடுகட்ட இன்னும் 30 சட்டை, மொத்தம் 205. கண்டுபிடிக்க ஆடி பில்லுல போன் நம்பர் வாங்கி வெச்சுக்குங்க. போன வருஷம் தீபாவளிக்கு வந்த நம்பர்ல எத்தனை ஆடியில வந்துட்டு ஐப்பசில வரலன்னு ஒத்துப் பாருங்க.

ரெண்டு வருஷமா ரேக்குல கிடக்கற பழைய சரக்குக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. அங்க வாங்கின விலைய மறந்துட்டு, இன்னைக்கு என்ன வருதோ அதைப் பார்க்கணும்.