ஸலாமுக்குப் பதில் சொல்லும் முறை

பெரியோர்களே, தாய்மார்களே,

கூத்தாநல்லூர், முத்துப்பேட்டை, அதிராம்பட்டினம், நாகூர் என்று நம் டெல்டாவில் முஸ்லிம் தெருவும் மற்றவர் தெருவும் ஒட்டியே இருக்கின்றன. முஸ்லிமல்லாத பக்கத்து வீட்டுக்காரர் ஆசையோடு ஸலாம் சொல்கிறார். சொல்லட்டும். ஆனால் முழுதாகச் சொல்ல வேண்டும்.

“அஸ்ஸலாமு அலைக்கும்.” உங்கள்மீது சாந்தி உண்டாகட்டும் என்ற பிரார்த்தனை இது. ஒருவரே எதிரில் இருந்தாலும் ‘அலைக்கும்’ என்றே சொல்வது வழக்கம். அவசரத்தில் விழுங்கப்படுவது நடுவிலுள்ள ‘லா’தான். அதை விட்டு “அஸ்ஸாமு அலைக்கும்” என்றால், அரபியில் உங்களுக்கு மரணம் என்று பொருளாகிவிடும். ஆகவே ‘லா’வை நீட்டி, நிதானமாகச் சொல்லுங்கள்.

பதில், “வ அலைக்குமுஸ் ஸலாம்.” உங்களிடம் ஸலாம் சொன்னால் நீங்களும் இதையே சொல்லலாம், அதே “அஸ்ஸலாமு அலைக்கும்” என்று திருப்பிச் சொல்வது வழக்கமில்லை. வாழ்த்தப்பட்டால் அதைவிடச் சிறப்பாகவோ, குறைந்தது அதே அளவிலோ திருப்பி வாழ்த்துங்கள் என்கிறது குர்ஆன், நான்காம் அத்தியாயம் 86ஆம் வசனம். அதனால்தான் பலர் “வ ரஹ்மதுல்லாஹி வ பரகாத்துஹு” என்று அருளையும் வளத்தையும் சேர்த்துச் சொல்கிறார்கள்.

இங்கே ஒரு விஷயத்தை அவசியம் தெரிந்துகொள்ள வேண்டும். நீங்கள் சரியாகச் சொல்லியும் ஒரு பெரியவர் “வ அலைக்கும்” என்று மட்டும் சொல்லக்கூடும். உங்களை அவமதிப்பதாக எண்ணிவிடாதீர்கள். நபியவர்கள் காலத்தில் முஸ்லிமல்லாத சிலர் ‘லா’வை வேண்டுமென்றே விழுங்கி மரணத்தை வேண்டினார்கள். “வ அலைக்கும்”, அதாவது உங்களுக்கும், என்று மட்டும் பதில் சொல்லுமாறு நபியவர்கள் கற்பித்தார்கள். அந்த நபிமொழியைப் பின்பற்றியே பெரியவர் பேசுகிறார். தெளிவாகக் கேட்ட ஸலாமுக்கு முழுப் பதிலும் சொல்லலாம் என்ற அறிஞர்களும் உண்டு. அப்படிச் சொல்பவரும் நம் ஊரில் இருக்கிறார்கள்.

நிக்காஹ் வீட்டுக்குப் போகிறீர்கள், திண்ணையில் ஐந்து பேர் என்று வையுங்கள். வருகிறவரே முதலில் சொல்ல வேண்டும். உங்களோடு நாலு பேர் வந்திருந்தால் ஒருவர் சொன்னால் போதும், திண்ணையிலும் ஒருவர் பதில் சொன்னால் கடமை தீர்ந்தது. ஐந்து பேரும் சொல்லவில்லையே என்று நினைக்க வேண்டாம். கையை நெற்றிக்குக் கொண்டுபோக வேண்டியதில்லை. பெண்களிடம் கை நீட்டாமல் வாயால் சொல்லுங்கள். தொழுதுகொண்டிருப்பவரிடம் சொல்ல வேண்டாம், அவரால் பதில் பேச முடியாது. வெள்ளிக்கிழமை குத்பா உரை நடக்கும்போதும் அப்படியே.

வளைகுடாவிலிருந்து பேசும் பிள்ளை, “அத்தாவுக்கு ஸலாம் சொல்லுங்க மாமா” என்று உங்களிடம் சொன்னால், மறக்காமல் சேர்த்துவிடுங்கள். கேட்டவர் “வ அலைஹிஸ் ஸலாம்” என்பார், அவர்மீதும் சாந்தி என்று. சொல்லியனுப்பியது மகளானால் “வ அலைஹஸ் ஸலாம்” என்பார்.