கிடங்கில் ஈரம் ஏறிய கருவாட்டுக்குக் கணக்கில் என்ன விலை?

வணக்கம். பாம்பன், தங்கச்சிமடம், மண்டபம் பக்கம் கருவாடு வாங்கி விற்கிறவர்களோடு இன்று கொஞ்சம் கணக்குப் பேசப் போகிறேன். மார்ச் 31 அன்று கிடங்கில் எவ்வளவு சரக்கு இருக்கிறது என்று கேட்டால், பெரும்பாலும் எடை போட்டு, வாங்கின விலையால் பெருக்கி, ஒரே தொகையாகச் சொல்லிவிடுகிறார்கள். ஐப்பசி மழையில் ஈரம் ஏறின மூட்டைக்கும் அதே விலை, போன மாதம் வந்த நல்ல மூட்டைக்கும் அதே விலை. இதனால் கையில் வராத லாபம் கணக்கில் ஏறுகிறது, அதற்கு வரியும் கட்டுகிறார்கள். கடைசி இருப்பின் மதிப்பைக் கூட்டிக் காட்டினால் அந்த வருட லாபம் அதே அளவுக்குக் கூடும், அவ்வளவுதான் விஷயம்.

விதி என்னவோ சின்னதுதான். அடக்க விலை ஒரு பக்கம், நிகரத் தீர்வு மதிப்பு ஒரு பக்கம், இரண்டில் எது குறைவோ அதைத்தான் இருப்பின் மதிப்பாக எழுத வேண்டும். பட்டயக் கணக்காளர் கழகத்தின் 2ஆம் கணக்கியல் தரநிலை இதைத்தான் சொல்கிறது. வருமான வரிக்கும் 2017-18 மதிப்பீட்டு ஆண்டிலிருந்து அடிப்படை இதுவே. அடக்க விலை என்றால் மீன் வாங்கின காசு, உப்பு, காயவைத்த கூலி, கிடங்கு வரை வந்த வண்டிச் செலவு. நிகரத் தீர்வு மதிப்பு என்றால் வழக்கமான வியாபாரத்தில் விற்றால் கிடைக்கும் விலையிலிருந்து, அதை விற்கும் நிலைக்குக் கொண்டுவர ஆகும் செலவையும் விற்க ஆகும் செலவையும் கழித்தது. இந்தக் கழித்தலைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள்.

ஒரு கிடங்கை எடுத்துக்கொள்வோம், எண்கள் நான் உதாரணத்துக்குப் போட்டவை. உள்ளே மூன்று வகைச் சரக்கு. முதலாவது நல்ல நெத்திலி 1,000 கிலோ, அடக்கம் கிலோவுக்கு 220 ரூபாய். இரண்டாவதும் நெத்திலிதான், 400 கிலோ, அதே 220 அடக்கம், ஆனால் ஓடு ஒழுகி ஈரம் ஏறி, ஒரு பகுதியில் பூச்சியும் விழுந்துவிட்டது. மூன்றாவது வாளைக் கருவாடு 300 கிலோ, அடக்கம் 160. அது கெடவில்லை, ஆனால் தை மாதத்திலிருந்து ஆள் கேட்கவில்லை. மொத்த அடக்கம் 3,56,000 ரூபாய்.

நல்ல நெத்திலி 320க்குப் போகிறது. மண்டிக் கமிஷன் 5 சதவீதம் 16 ரூபாய், சாக்கும் லாரியும் 10 ரூபாய், போக 294 நிற்கிறது. அடக்கம் 220தான் குறைவு, ஆகவே 220லேயே எழுத வேண்டும். 294 வரும் என்பதற்காக ஏற்றி எழுதக் கூடாது, அந்த லாபம் விற்ற பிறகுதான் நம்முடையது.

ஈரம் ஏறினதைப் பார்ப்போம். கொட்டித் தரம் பிரித்து, மறுபடி வெயிலில் போட்டு எடுத்தால் 40 கிலோ ஈரமாகவே போய்விடும். சாப்பிடத் தகுந்ததாக 240 கிலோ தேறும், அது நிறம் மங்கியிருப்பதால் 150க்குத்தான் கேட்பார்கள். பூச்சி அரித்து நொறுங்கின 120 கிலோவை மீன்தூளுக்கு எடுப்பவர் 40 ரூபாய் போட்டு, தானே வண்டி வைத்து அள்ளிக்கொள்வார். இரண்டும் சேர்ந்து 40,800. தரம் பிரித்து உலர்த்த 4,000 கூலி, தேறினதுக்குச் சாக்கும் லாரியும் 2,400, கமிஷன் 1,800. கழித்தால் 32,600. அடக்கமோ 88,000, அப்படியானால் 55,400 ரூபாய் நட்டம் இந்த வருடத்துக் கணக்கிலேயே வந்தாக வேண்டும். பூச்சி விழுந்ததை நல்லதோடு கலந்து சராசரி விலையில் தள்ளிவிடலாம் என்று சிலர் நினைக்கிறார்கள், அது கணக்குக்கும் தப்பு, வாங்கிச் சாப்பிடுகிறவருக்குச் செய்யும் துரோகமும் கூட.

வாளைதான் ஆளை ஏமாற்றும். பலகையில் 200 என்று எழுதியிருக்கும், ஆனால் கடைசியாகப் போன நாலு மூட்டையும் 170க்குத்தான் போயிருக்கிறது, ஆக நாம் எடுக்க வேண்டியது 170. அடக்கம் 160தானே, நட்டமில்லை என்று தோன்றும். கமிஷன் எட்டரை ரூபாய், சாக்கு லாரி 10 ரூபாய் கழித்தால் 151 ரூபாய் 50 காசு. கிலோவுக்கு எட்டரை ரூபாய் கீழே, மொத்தம் 2,550 ரூபாய். தொகை சின்னதுதான், ஆனால் தேங்கின சரக்கில் நட்டம் இப்படித்தான் கண்ணில் படாமல் இருக்கும்.

இப்போது முக்கியமான இடம். மூன்றின் நிகர மதிப்பையும் கூட்டினால் 3,72,050 வருகிறது. மொத்த அடக்கம் 3,56,000. மொத்தத்தை மொத்தத்தோடு ஒப்பிட்டால் அடக்கமே குறைவு, நட்டமே இல்லை என்று ஆகிவிடும்! நல்ல நெத்திலியில் இன்னும் வராத லாபம், கெட்டதின் நட்டத்தை மூடிவிடுகிறது. அதனால்தான் வகை வகையாக, சரக்கு சரக்காக ஒப்பிடச் சொல்கிறது தரநிலை. ஒரே மாதிரிச் சரக்குகளைச் சேர்த்துப் பார்க்க இடம் உண்டு, ஆனால் நெத்திலி என்று பெயர் ஒன்றாக இருப்பதால் நல்லதும் ஈரம் ஏறினதும் ஒரே மாதிரி ஆகிவிடாது. சரியான இருப்பு மதிப்பு 2,20,000, 32,600, 45,450, ஆக 2,98,050. மொத்த அடக்கத்தோடு வித்தியாசம் 57,950.

இதைச் சரியாகச் செய்ய மூட்டை வந்த தேதியைச் சாக்கிலேயே எழுதி வைத்திருக்க வேண்டும், தேதி இல்லாவிட்டால் எது தேங்கினது என்று மார்ச்சில் யாராலும் சொல்ல முடியாது. எண்ணும்போது அடி மூட்டையை இழுத்துப் பாருங்கள், கீழே பொடி உதிர்ந்திருந்தால் பூச்சி வேலை செய்கிறது என்று அர்த்தம். கையில் அழுத்தினால் ஒடியாமல் வளைகிற நெத்திலியில் ஈரம் இருக்கிறது. தனியே அடுக்கி, எடை போட்டு, போட்டோ எடுத்து, மண்டிக்காரர் சொன்ன விலையையும் எழுதி வையுங்கள். ஆடிட்டர் கேட்பதும் வரி அலுவலகம் கேட்பதும் இந்தக் காகிதங்களைத்தான்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகாது, அப்போது கருவாடு விலை ஏறுமே, அந்த விலையை எடுக்கலாமா என்று பலர் கேட்பார்கள். முந்தைய வருடங்களில் அந்த மாதங்களில் இதே தரத்துச் சரக்கை என்ன விலைக்கு விற்றோம் என்பதற்குப் பில் இருந்தால், விற்கப் போவதும் அப்போதுதான் என்றால், அதை வைத்து மதிப்பிடலாம். ஏறும் என்ற நம்பிக்கை மட்டும் போதாது. ஏப்ரல் 10ஆம் தேதி அதே ஈரச் சரக்கை உண்மையிலேயே 150க்கு விற்றிருந்தால் அது நல்ல சாட்சி, மார்ச் 31லேயே சரக்கு அந்த நிலையில் இருந்ததை அது காட்டுகிறது. ஆனால் ஏப்ரலில் பெய்த கோடை மழையில் நனைந்த மூட்டை வேறு கதை. மார்ச் 31 அன்று அது நன்றாகத்தானே இருந்தது, அந்த நட்டம் அடுத்த வருடத்துக்கு.

அடுத்த வருடம் அந்த ஈரச் சரக்கின் தொடக்க இருப்பு 32,600தான், பழைய 88,000 திரும்பி வராது. விற்றுச் செலவு போக அது 35,000க்கு நின்றால் மிச்சம் 2,400 அந்த வருட லாபம். வங்கியில் இருப்பின் பேரில் கடன் வாங்கியிருந்தால், மாதாமாதம் கொடுக்கும் இருப்புப் பட்டியலிலும் இதே குறைந்த மதிப்பைத்தான் எழுத வேண்டும், கடன் வரம்பு கொஞ்சம் இறங்கும் என்றாலும்.