மோட்டாரைப் பெருசாக்கினா வாடை கூடும்! ஓட்டல் வாடகைதாரருக்கு ஓனர் எழுத வேண்டிய கடிதம்

(திரையில்: ஓட்டல் சமையலறை, மேலே கரகரன்னு ஓடுற புளோயர்)

கீழ்த்தளத்துல ஓட்டல். மாடியில பல் கிளினிக். கிளினிக்ல உட்கார்ந்து வாயைத் திறந்தா பரோட்டா வாசம் வருது. டாக்டர் ஓனர்கிட்ட புகார் சொல்றாரு, ஓனர் ஓட்டலுக்கு ஒரு கடிதம் போடுறாரு. ஓட்டல்காரரும் நல்ல மனுஷன், உடனே 3 ஹெச்.பி. மோட்டாரைக் கழட்டிட்டு 5 ஹெச்.பி. போட்டு, புளோயரை இன்னும் வேகமா ஓட விடுறாரு. அடுத்த வாரம் வாடை குறையல, கூடியிருக்கு!

ஏன்னு இந்த வீடியோவுல பார்ப்போம். அது புரிஞ்சாத்தான் அந்தக் கடிதத்துல என்ன எழுதணும்னு தெரியும். உங்க காம்ப்ளெக்ஸ்லயும் இந்தப் பஞ்சாயத்து ஓடுதுன்னா கமெண்ட்ல எந்த மாடின்னு மட்டும் சொல்லுங்க, மீதியை நானே ஊகிச்சுக்கிறேன்.

மாதிரிக்கு சென்னையில ஒரு கட்டிடம்னு வச்சுக்குவோம். தரைத்தளம், மேல மூணு மாடி. ஓட்டல் சமையலறையில 10 அடி நீள ஹூட், கீழே பரோட்டா கல்லும் பிரியாணி அடுப்பும். புளோயரை சமையலறைப் பரண்லயே வச்சிருக்காங்க. அங்கிருந்து தகர டக்ட் ஒண்ணு, கட்டிடத்தோட பொது ஷாஃப்ட் வழியா 45 அடி ஏறி மொட்டை மாடிக்குப் போகுது. அதே ஷாஃப்ட்லதான் ஒவ்வொரு மாடியோட கழிவறை ஜன்னலும் திறக்குது. நம்ம ஊர்ல பாதிக் கட்டிடம் இப்படித்தான்.

ஓனர் போட்ட முதல் கடிதம் இது.

(திரையில்: கடிதம்)

"தங்கள் ஓட்டலிலிருந்து துர்நாற்றம் வருவதாக மற்ற வாடகைதாரர்கள் புகார் அளித்துள்ளனர். உடனடியாகச் சரி செய்யவும். தவறினால் கடும் நடவடிக்கை எடுக்கப்படும்."

கோபம் இருக்கு, தகவல் இல்ல. எந்த மாடி, எத்தனை மணி, எந்த வழியா வருது, எதைச் சரி பண்ணணும்? ஒண்ணுமே கிடையாது. அதனால ஓட்டல்காரர் தனக்குத் தெரிஞ்ச ஒரே வைத்தியத்தைப் பண்ணாரு. மோட்டாரை மாத்தினாரு.

இப்போ எனக்கு ரொம்பப் பிடிச்ச இடத்துக்கு வருவோம். ரோட்டோரம் இளநீர் குடிக்கிறீங்க. ஸ்ட்ராவுல நடுவுல ஒரு கீறல். உறிஞ்சினா என்ன ஆகும்? கீறல் வழியா வெளிக்காத்து உள்ள வரும், 'சர்ர்'னு சத்தம் வரும், இளநீர் சரியா ஏறாது. ஆனா ஒரு சொட்டுகூட வெளியில சிந்தாது. இப்போ அதே ஸ்ட்ராவுல இளநீரை வாயில வச்சு ஊதுங்க. கீறல் வழியா சட்டையெல்லாம் தெறிக்கும். ஸ்ட்ரா அதேதான், கீறலும் அதேதான். வாய் எந்தப் பக்கம் இருக்குங்கிறதுதான் வித்தியாசம்.

டக்ட்டுக்கு அந்த வாய்தான் புளோயர். புளோயருக்கு முன்னாடி இருக்கிற டக்ட் முழுக்க உறிஞ்சற பக்கம். அங்க ஓட்டை இருந்தா ஷாஃப்ட் காத்து உள்ள வருமே தவிர, வாடை வெளிய போகாது. புளோயருக்குப் பின்னாடி இருக்கிறது ஊதுற பக்கம். அங்க இணைப்புல நூல் அளவு இடைவெளி இருந்தாலும் எண்ணெய்ப் புகை வெளிய பீய்ச்சும். நம்ம கட்டிடத்துல புளோயர் பரண்ல, அதாவது அடியில. அப்போ 45 அடியும் ஊதுற பக்கம். வழியில இருக்கிற ஒவ்வொரு இணைப்பும் ஷாஃப்டுக்குள்ள வாடையைத் துப்புது.

இதுல வேகத்தைக் கூட்டினா? புளோயர் வேகத்தை 20 சதவீதம் ஏத்தினா, காத்து 20 சதவீதம் கூடும், அழுத்தம் 44 சதவீதம் கூடும், மோட்டார் இழுக்கிற மின்சாரம் 70 சதவீதத்துக்கும் மேல கூடும். அடுப்புப் பக்கம் புகை கொஞ்சம் நல்லா இழுக்கும்தான். சமையல் மாஸ்டர் சந்தோஷப்படுவாரு. ஆனா ஒவ்வொரு இணைப்புலயும் கசிவும் சேர்ந்து கூடும். மாஸ்டரோட சந்தோஷம் நேரா டாக்டரோட மூக்குக்குப் போகுது. கரண்ட் பில் மட்டும் ஓட்டல்காரருக்கு.

கசியுதான்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது? ஷாஃப்ட்ல டார்ச் அடிச்சுப் பாருங்க. இணைப்புக்குக் கீழ பழுப்பா, கெட்டியா எண்ணெய் ஒழுகின கோடு இருந்தா அது கசியற இணைப்பு. இன்னும் உறுதியா வேணும்னா, ராத்திரி அடுப்பும் புளோயரும் நிறுத்தின பிறகு டக்ட் உள்ள ஒரு பிரகாசமான பல்பை இறக்கி, ஷாஃப்ட்ல நின்னு பாருங்க. வெளிச்சம் தெரியற இடமெல்லாம் ஓட்டை. அமெரிக்காவோட என்.எஃப்.பி.ஏ. 96 தீப்பாதுகாப்பு விதிகள்லயும் டக்ட் கசிவுக்கு இந்த வெளிச்சச் சோதனை உண்டு. அதே விதிகள் சமையல் டக்ட்டை எண்ணெய் சொட்டாத மாதிரி தொடர் வெல்டிங் பண்ணச் சொல்லுது. நம்ம ஊர்ல ரிவெட் அடிச்சு சிலிக்கான் பூசுவாங்க. கொஞ்ச நாள்ல சூட்டுலயும் எண்ணெயிலயும் சிலிக்கான் உரிஞ்சு தொங்கும்.

அடுத்து கிளினிக் பக்கம். டாக்டர் சொல்றாரு, "சாயந்திரம் 5 மணிக்குக் கதவைத் திறந்ததும்தான் வாடை பயங்கரமா இருக்கு." ஆனா பரோட்டா சூடு பிடிக்கிறதே 7 மணிக்கு! காரணம் மதியப் பிரியாணி. மதியம் முழுக்க கிளினிக் மூடியிருக்கு, கழிவறை எக்ஸாஸ்ட் ஃபேன் நிக்குது. ஷாஃப்ட்ல தேங்கின காத்து அந்த ஃபேன் ஓட்டை வழியா உள்ள வந்து உட்கார்ந்திருக்கு. ஃபேன் நின்னா தானா மூடிக்கிற தடுப்பு மடல் அங்க இல்ல. இது ஓட்டல்காரர் குத்தம் கிடையாது. ஷாஃப்டும் ஜன்னலும் ஓனருடையது. ஆனா சண்டை போடறப்ப இதை யாரும் சொல்றதில்ல.

அதனால கடிதம் எழுதறதுக்கு முன்னாடி ரெண்டு வாரம் ஒரு நோட்டு போடுங்க. தேதி, மணி, எந்த அறை, எக்ஸாஸ்ட் ஃபேன் ஓடுதா நிக்குதா, அந்த நேரம் கீழ என்ன சமையல், இவ்வளவுதான். "எப்பவும் நாறுது"ங்கிற புகார்ல எதையும் கண்டுபிடிக்க முடியாது.

இப்போ உருப்படியான கடிதம் எப்படி இருக்கும்னு பாருங்க.

(திரையில்: புதிய கடிதம், வரி வரியாக)

"தங்கள் புளோயர் சமையலறைப் பரணில் உள்ளது. 12-ஆம் தேதி நாம் இருவரும் சேர்ந்து பார்த்தபோது, முதல் மாடி மட்டத்தில் டக்ட்டின் இரண்டு இணைப்புகளில் எண்ணெய் ஒழுகல் இருந்தது. புகார்க் குறிப்பேட்டின் நகலையும் புகைப்படங்களையும் இணைத்துள்ளேன்.

7 நாட்களுக்குள் ஹூட் ஃபில்டர்களையும் டக்ட்டையும் சுத்தம் செய்து, அந்த இரண்டு இணைப்புகளை வெல்டிங் செய்ய வேண்டுகிறேன். 30 நாட்களுக்குள் புளோயரை மொட்டை மாடிக்கு மாற்ற வேண்டுகிறேன். அதற்காக மொட்டை மாடியின் வடகிழக்கு மூலையில் 6 அடிக்கு 6 அடி இடமும், மின்கேபிள் கொண்டுசெல்ல அனுமதியும் இக்கடிதத்தின் மூலம் அளிக்கிறேன்.

கழிவறை எக்ஸாஸ்ட் ஃபேன்களுக்குத் தடுப்பு மடல் பொருத்துவதை என் செலவில் 7 நாட்களுக்குள் முடிப்பேன்."

அந்த அனுமதி வரியை இன்னொரு தடவை படிங்க. என் கருத்துல மொத்தக் கடிதத்துலயும் முக்கியமான வரி அதுதான். புளோயரை மேல வைன்னு சொல்லிட்டு மொட்டை மாடிச் சாவியைத் தராத ஓனர் நிறைய. மொட்டை மாடி ஓட்டல்காரர் வாடகைக்கு எடுத்த இடம் இல்ல. உங்க அனுமதி இல்லாம அவர் அங்க ஒரு போல்ட்கூட அடிக்க முடியாது. இடத்தைக் கொடுக்காம கேட்டா, நாளைக்கு வழக்குன்னு போனாலும் "செய்ய விடாம செய்யச் சொன்னாரு"ன்னு அவர் சொல்லுவாரு, அது நியாயமாவும் இருக்கும்.

புளோயர் மேல போனா டக்ட் முழுக்க உறிஞ்சற பக்கமா மாறிடும். கீறல் ஸ்ட்ராவுல இப்போ உறிஞ்சறோம். ரெண்டு விஷயம் மட்டும் கவனம். அடியில அதிர்வைத் தாங்குற ரப்பர் பேட் வைங்க, இல்லன்னா மூணாவது மாடிக்காரர் அடுத்த புகார் தருவாரு. குழாய் வாய்க்கு மேல மழைக்குன்னு குடை மாதிரி தொப்பி வைக்காதீங்க. மேல போற புகையை அது திருப்பிக் கீழ தள்ளும், பக்கத்துக் கட்டிட ஜன்னலுக்குள்ள போகும். வாயை நேரா மேல பார்த்து விட்டுட்டு, மழைத்தண்ணி கீழ வடிய ஒரு வழி வைங்க. பக்கத்துல யாராவது வெளிக்காத்து எடுக்கிற இடம் இருந்தா, குறைஞ்சது 10 அடி தள்ளி வைங்க.

இ.எஸ்.பி.ன்னு மின்சாரத்தால புகையைப் பிடிக்கிற ஒரு கருவி இருக்கு, அதை வாங்கினா போதும்னு விக்கிறவங்க சொல்லுவாங்க. அது புகையையும் எண்ணெய்த் துளியையும்தான் பிடிக்கும், வாயுவா இருக்கிற வாடையைப் பிடிக்காது. வாடைக்கு கார்பன் ஃபில்டர். அதையும் இ.எஸ்.பி.க்குப் பிறகுதான் வைக்கணும், முன்னாடி வச்சா எண்ணெய் குடிச்சு சீக்கிரமே செத்துடும்.

சட்டம் ஒரு வரியில: தமிழ்நாட்டோட 2017 வாடகைச் சட்டத்துல, நிறுத்தச் சொல்லி நோட்டீஸ் கொடுத்த பிறகும் இடத்தைத் தவறாப் பயன்படுத்துறது, காலி பண்ணக் கேட்கக் கூடிய காரணங்கள்ல ஒண்ணு. அதனால கடிதத்தை ஒப்புகையோட அனுப்பி நகல் வச்சுக்கோங்க. கோபத்துல தண்ணியையோ கரண்ட்டையோ மட்டும் கட் பண்ணாதீங்க, அந்தச் சட்டமே அதைத் தடை பண்ணுது.

(திரையில்: ஷாஃப்ட், கையில் ஊதுபத்தி)

31-ஆம் நாள் மதியம், பிரியாணி கொதிக்கிற நேரத்துல, ஓனரும் ஓட்டல்காரரும் டாக்டரும் ஷாஃப்ட்ல நில்லுங்க. டக்ட்டோட பழைய இணைப்பு ஒவ்வொண்ணுகிட்டயும் எண்ணெய் ஒழுகலை நல்லாத் துடைச்சிட்டு, ஊதுபத்தியைக் காட்டுங்க. புகை அசையாம நேரா மேல போனா இணைப்பு இறுக்கமா இருக்கு. டக்ட் பக்கம் வளைஞ்சு உள்ள போனா இன்னும் ஓட்டை இருக்கு, ஆனா வாடை வெளிய வராது. வெளிப்பக்கம் தள்ளினா புளோயரை மாத்தவே இல்ல, அல்லது அது ஓடவே இல்ல. எது நடந்தாலும் தேதி போட்டு மூணு பேரும் கையெழுத்துப் போடுங்க. சரியாயிடுச்சுன்னா அந்தத் தாள்ல ஒரு நகல் ஓட்டல்காரருக்கும் கொடுங்க. மாடிக்குப் புதுசா வர்ற வாடகைதாரர் ஒருநாள் மூக்கைச் சுளிக்கிறப்போ அவருக்கு அது தேவைப்படும்.