"சுருக்கிக் கொடுங்கள்" என்றால் எவ்வளவு?

அவையோருக்கு வணக்கம்.

எழுதிக் கொடுத்ததைப் படித்துவிட்டு, "நன்றாக இருக்கிறது, கொஞ்சம் சுருக்கிக் கொடுங்கள்" என்றோ, "இன்னும் நறுக்கென்று இருந்தால் தேவலை" என்றோ சொல்பவர் எவ்வளவு குறைக்க வேண்டும் என்று பெரும்பாலும் சொல்வதில்லை. அவர் மறைக்கிறார் என்று நினைக்க வேண்டாம். படிக்கும்போது எங்கேயோ இடறியதைத்தான் அவர் தெரிவிக்கிறார், இடறிய இடத்தைச் சுட்டிக்காட்ட அவருக்கு நேரமில்லை. அந்த இடத்தைக் கண்டுபிடிப்பதுதான் நம்முடைய முதல் வேலை. கத்தரிக்கும் அளவு அதன் பிறகு தானாகத் தெரியவரும்.

பவணந்தி முனிவர் நன்னூலில் நூலுக்குரிய பத்து அழகுகளைச் சொல்லும்போது, முதலாவதாகச் 'சுருங்கச் சொல்லல்' என்கிறார்; அடுத்ததே 'விளங்க வைத்தல்'. பத்துக் குற்றங்களை அடுக்கும்போதோ 'குன்றக் கூறல்' முதலில் நிற்கிறது, 'மிகைபடக் கூறல்' அதற்குப் பின்தான் வருகிறது. 'கூறியது கூறல்', 'வெற்றெனத் தொடுத்தல்', 'மற்றொன்று விரித்தல்' ஆகியவையும் அந்தப் பட்டியலில் தனித்தனிக் குற்றங்களாக இருக்கின்றன. எண்ணூறு ஆண்டுப் பழமைக்காக நான் இதை எடுத்துக்கொள்ளவில்லை. மேசையில் வைத்து இன்றைக்கும் பயன்படுத்தக்கூடிய பட்டியல் என்பதற்காகவே எடுத்துக்கொள்கிறேன். "நீளமாக இருக்கிறது" என்ற ஒரே முறையீட்டுக்குப் பின்னால், குன்றக் கூறலைத் தவிர்த்த இந்த நான்கில் எதுவும் இருக்கலாம். ஒரே செய்தி இரண்டு பத்திகளில் வந்திருந்தால் ஒரு பத்தியையே எடுத்துவிடலாம். பேச்சு வேறு பொருளுக்குப் போயிருந்தால் அந்தப் பகுதி முழுவதும் போக வேண்டும். சொற்கள் வெறுமனே தொடுக்கப்பட்டிருந்தால் பத்தி எதையும் எடுக்காமல் வாக்கியங்களை மட்டும் இறுக்க வேண்டும். குற்றம் எதுவென்று தெரியாமல் ஒவ்வொரு வாக்கியத்திலும் இரண்டு சொற்களைக் கிள்ளிக் கொடுப்பவரிடம்தான் மறுபடியும் "இன்னும் கொஞ்சம்" என்று சொல்ல நேரிடும்.

ஓர் எடுத்துக்காட்டை எடுத்துக்கொள்வோம். அடுக்குமாடிக் குடியிருப்பு ஒன்றின் சங்கச் செயலாளர் எழுதிய அறிவிப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

"நமது குடியிருப்பில் வசிக்கும் அனைத்துக் குடியிருப்போருக்கும் இதன் மூலம் தெரிவித்துக் கொள்வது என்னவென்றால், நமது மேல்நிலைத் தண்ணீர்த் தொட்டியானது கடந்த சில மாதங்களாகச் சுத்தம் செய்யப்படாமல் இருந்து வருவதால், வருகின்ற ஞாயிற்றுக்கிழமை அன்று காலை 8 மணி முதல் மதியம் 2 மணி வரை தொட்டியைச் சுத்தம் செய்யும் பணி மேற்கொள்ளப்பட இருக்கிறது. ஆகவே அந்த நேரத்தில் குழாய்களில் தண்ணீர் வராது என்பதையும், தேவையான தண்ணீரை முன்கூட்டியே பிடித்து வைத்துக்கொள்ள வேண்டும் என்பதையும் தெரிவித்துக் கொள்கிறோம். 2 மணிக்குப் பிறகு முதலில் வரும் தண்ணீரைச் சிறிது நேரம் ஓடவிட்டு, அதன் பிறகே குடிக்கவோ சமைக்கவோ பயன்படுத்த வேண்டும்."

இதில் 69 சொற்கள் இருக்கின்றன. 'தெரிவித்துக் கொள்வது என்னவென்றால்', 'தொட்டியானது', 'இருந்து வருவதால்', 'பணி மேற்கொள்ளப்பட இருக்கிறது', 'என்பதையும்' போன்றவை எந்தச் செய்தியையும் சுமக்கவில்லை. அவற்றை நீக்கினால் இப்படி வரும்:

"மேல்நிலைத் தண்ணீர்த் தொட்டி சில மாதங்களாகச் சுத்தம் செய்யப்படவில்லை. வரும் ஞாயிற்றுக்கிழமை காலை 8 மணி முதல் மதியம் 2 மணி வரை சுத்தம் செய்யப்படும். அந்த நேரத்தில் குழாய்களில் தண்ணீர் வராது. முன்கூட்டியே பிடித்து வைத்துக்கொள்ளுங்கள். 2 மணிக்குப் பிறகு முதலில் வரும் தண்ணீரைச் சிறிது நேரம் ஓடவிட்டு, அதன் பிறகே குடிக்கவோ சமைக்கவோ பயன்படுத்துங்கள்."

இது 41 சொற்கள். ஒரு செய்தியும் போகவில்லை, பத்தில் நான்கு பங்கு குறைந்துவிட்டது. அலுவலக நடையில் எழுதப்பட்டவை இப்படித்தான் இளைக்கும். தேர்ந்த கையால் எழுதப்பட்ட கட்டுரையில் இதே முறையில் பத்தில் ஒரு பங்கைக் குறைப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். ஆகவே, எவ்வளவு குறைக்கலாம் என்பதற்குப் பொதுவான விழுக்காடு எதையும் நான் சொல்ல மாட்டேன்.

செயலாளர் இதையும் பார்த்துவிட்டு, "லிஃப்டில் ஒட்ட வேண்டும், இன்னும் நறுக்கென்று வேண்டும்" என்கிறார். இப்போது அவர் கேட்பது வேறு. நின்றபடி படிப்பவரின் கண்ணில் முதலில் படுவது தொட்டியின் வரலாறாக இருக்கக் கூடாது என்பதே அவருடைய கவலை. எனவே, நீளத்தை விட வரிசையைத்தான் முதலில் மாற்ற வேண்டும்:

"வரும் ஞாயிறு காலை 8 முதல் மதியம் 2 வரை தண்ணீர் வராது, தொட்டி சுத்தம் செய்யப்படுகிறது. முன்கூட்டியே பிடித்து வைத்துக்கொள்ளுங்கள். 2 மணிக்குப் பிறகு முதலில் வரும் தண்ணீரைச் சிறிது நேரம் ஓடவிட்டு, அதன் பிறகே குடிக்கவோ சமைக்கவோ பயன்படுத்துங்கள்."

இது 30 சொற்கள். இம்முறை ஒரு செய்தி உண்மையாகவே போயிருக்கிறது: தொட்டி சில மாதங்களாகச் சுத்தம் செய்யப்படவில்லை என்பது. அது தெரியாததால் யாரும் எதையும் தவறாகச் செய்துவிடப் போவதில்லை. கடைசி வாக்கியத்தில் நான் கைவைக்கவில்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள். இருப்பதிலேயே நீளமான வாக்கியம் அதுதான், சுருக்க முனைபவரின் கை முதலில் அங்கேதான் போகும். "முதலில் வரும் தண்ணீரைக் குடிக்க வேண்டாம்" என்று அதைக் குறுக்கினால், எவ்வளவு நேரம் பொறுப்பது என்று படிப்பவருக்குத் தெரியாது. அதே தண்ணீரில் உலை வைப்பவரும் இருப்பார். அதைவிடக் குறைத்து, தண்ணீர் வராத நேரத்தை மட்டும் போட்டால், அறிவிப்பு அழகாக இருக்கும், பிற்பகலில் செயலாளரின் தொலைபேசி ஓயாது. குன்றக் கூறல் நேர்ந்துவிட்டதா என்று பார்க்க எனக்குத் தெரிந்த சோதனை இதுதான்: இதை மட்டும் படித்தவர் எதைக் கேட்டு அழைப்பார் என்று எண்ணிப் பாருங்கள். விடை கத்தரித்த பகுதியில் இருந்தால், அதைத் திரும்ப வைத்துவிடுங்கள்.

அதே சோதனை இன்னொன்றையும் காட்டிக்கொடுக்கிறது. 'வரும் ஞாயிறு' எந்த ஞாயிறு? மூலத்திலேயே தேதி இல்லை. பேச்சில் அது போதும். லிஃப்டில் ஒட்டிய தாள் பத்து நாள் கழித்தும் அங்கேயே இருக்கும். சுருக்கச் சொன்ன இடத்தில் தேதியைச் சேர்ப்பது கட்டளையை மீறுவதாகாது.

தமிழில் சொல் எண்ணிக்கையை அளவுகோலாகக் கொள்வதில் ஒரு சிக்கல் உண்டு. 'வைத்துக்கொள்ளுங்கள்' என்று சேர்த்து எழுதினால் ஒரு சொல், பிரித்து எழுதினால் இரண்டு. தாளில் அடைக்கும் இடம் கிட்டத்தட்ட ஒன்றுதான். இதழ்களில் பக்கம் கட்டுபவர் சொற்களை எண்ணுவதில்லை, வரிகளைப் பார்க்கிறார். "பக்கத்தில் அடங்கவில்லை" என்பவரிடம் எத்தனை வரி மிஞ்சுகிறது என்று கேட்டால் உடனே சொல்லிவிடுவார். நான்கு வரி என்றால் வாக்கியங்களை இறுக்கினாலே போதும். நாற்பது வரி என்றால் இறுக்கிப் பயனில்லை. எந்தச் செய்தியை விடுவது என்று அவரையும் உட்காரவைத்துத் தீர்மானிக்க வேண்டும், ஏனென்றால் அந்த முடிவு நம் ஒருவருடையதாக இருக்க முடியாது.

கேட்க வழியில்லாதபோது, செய்தி குறையாத அளவுக்கு மட்டும் இறுக்கிய படியை முதலில் அனுப்புங்கள். கூடவே, "இன்னும் குறைக்க வேண்டுமானால் தொட்டி சுத்தம் செய்யப்படாத விவரத்தை எடுக்கலாம், தண்ணீரை ஓடவிடும் குறிப்பை எடுக்க வேண்டாம்" என்று ஒரு வரி எழுதி வையுங்கள். 'கொஞ்சம்' என்று சொன்னவர், எது போகிறது என்று பெயரோடு கண்ட பிறகுதான் தமக்கு எவ்வளவு வேண்டும் என்று சொல்வார். பல நேரங்களில், "இதுவே போதும், அப்படியே ஒட்டிவிடலாம்" என்றும் சொல்வார்.