45 டிகிரினா ஸ்லோப் 1-ஆ? ட்ரம் தண்ணி கிராஃப்ல ஒரு பஞ்சாயத்து

வணக்கம் மக்களே, தண்டையார்பேட்டை மொட்டை மாடியில இருந்து தான் பேசுறேன், கொசு புடுங்குது, அதனால அஞ்சு நிமிஷத்துல முடிச்சிடலாம்னு இருக்கேன், முடிக்க மாட்டேன்னு உங்களுக்கே தெரியும்.

மேட்டர் இன்னான்னா, நேத்து டியூஷன்ல ஒரு பையன் எங்கிட்ட சண்டைக்கே வந்துட்டான். போன வீடியோல நம்ம நீல ட்ரம்ம சம்ப் பக்கத்துல மேடையில ஏத்தி, கொழாய தொறந்துவுட்டு, ரெண்டு நிமிஷத்துக்கு ஒரு தடவ தண்ணி மட்டம் அளந்தோம்ல, அந்த கிராஃப் தான் ஹோம்வொர்க். (தண்ணிய வேஸ்ட் பண்ணிட்டேன்னு கமெண்ட் போட்டவங்களுக்கு, அவ்ளோவும் சம்புக்குள்ள தான் போச்சு, லாரி தண்ணிக்கு கொடத்தோட நின்னு வளந்தவ நான், எனக்கு தெரியாதா.) எட்டாவது நிமிஷத்துல மட்டம் எவ்ளோ வேகமா எறங்குதுன்னு கண்டுபுடின்னு சொல்லியிருந்தேன். அவன் அழகா தொடுகோடு போட்டான், அதுவரைக்கும் குத்தமே சொல்ல முடியாது. அப்புறம் ஜாமெட்ரி பாக்ஸ்ல இருந்து கோணமானிய எடுத்து வச்சிருக்கான், 45 டிகிரி வந்துருக்கு, tan 45 = 1, அதனால நிமிஷத்துக்கு 1 சென்டிமீட்டர்னு எழுதிட்டான். நான் தப்பு போட்டேன். "அக்கா, ஸ்லோப்னா டேன் தீட்டான்னு நீங்க தான சொன்னீங்க?"

சொன்னேன் தான். ஆனா எங்க சொன்னேன்? ரெண்டு அச்சுலயும் ஒரே ஸ்கேல் இருந்தா தான் அது செல்லும். இங்க கீழ ஒரு பெரிய கட்டம் 2 நிமிஷம், மேல ஒரு பெரிய கட்டம் 10 சென்டிமீட்டர். அவன் போட்ட கோடு மேல 65ல போய் முட்டுது, கீழ 13வது நிமிஷத்துல முட்டுது. கட்டத்த எண்ணுனா ஏறுறதுக்கு ஆறரை, நீளத்துக்கும் ஆறரை, அதான் 45 டிகிரி. ஆனா அந்த ஆறரையும் இந்த ஆறரையும் ஒண்ணா? ஒண்ணு 65 சென்டிமீட்டர், இன்னொண்ணு 13 நிமிஷம். 65 வகுத்தல் 13, நிமிஷத்துக்கு 5 சென்டிமீட்டர். கோடு கீழ எறங்குறதால மைனஸ் 5, அந்த மைனஸுக்கு மட்டம் கொறையுதுன்னு அர்த்தம், அவ்ளோதான்.

இத அவன் நம்பல. சரி, மேல ஒரு கட்டத்துக்கு 5 சென்டிமீட்டர்னு வச்சு இன்னொரு ஷீட்ல வரைடான்னேன். இப்போ அதே கோடு 63 டிகிரி காட்டுது. ஷீட்ட மாத்துனதுக்கு ட்ரம்ல தண்ணி வேகமா போயிடுமா இன்னா? அப்போ தான் கோணமானிய உள்ள வச்சான். கோணம் பேப்பரோடது, சாய்வு தண்ணியோடது. அதனால எப்பவுமே தொடுகோட்டுல நல்லா தள்ளித்தள்ளி ரெண்டு புள்ளி எடுங்க, அச்சுல இருக்குற நம்பர படிச்சு கழிங்க. தள்ளி எடுக்க ஏன் சொல்றேன்னா, பக்கத்துப்பக்கத்துல எடுத்தா பென்சில் தடிப்பே பாதி விடைய தின்னுடும்.

ஐயோ, ஒண்ணு விட்டுட்டேன். உயரத்த ட்ரம் அடியில இருந்து அளக்கல, கொழாய் வாய்ல இருந்து அளந்தோம். அடியில இருந்து அளந்தா கடைசியில மட்டம் பூஜ்யத்துக்கு வரவே வராது, கொழாய்க்கு கீழ இருக்குற தண்ணி அங்கயே தான் நிக்கும். ஆரம்பத்துல 81, நாலாவது நிமிஷம் 49, எட்டுல 25, பன்னெண்டுல 9, பதினெட்டுல காலி. ஆறாவது நிமிஷம் மட்டும் 38னு எழுதியிருக்கேன், கண்ணு பட்ட பாட்டுல தப்பா படிச்சிருக்கேன், வளைவு அந்த எடத்துல 36 கிட்ட தான் போகுது. அதுக்காக புள்ளிக்கு புள்ளி ஸ்கேல வச்சு சேக்காதீங்க, எனக்கு அத பாத்தாலே பத்திக்கினு வரும். அப்படி சேத்தா ஒவ்வொரு புள்ளியிலயும் வேகம் திடீர்னு ஒடையுற மாதிரி காட்டும், தண்ணி அப்படி ஒடைஞ்சு ஒடைஞ்சா எறங்குச்சு? கையால ஒரே இழுப்பு, எல்லா புள்ளிக்கும் நடுவுல.

அப்புறம் இன்னும் ரெண்டு பேரு வேற மாதிரி தப்பு. ஒருத்தி 25 வகுத்தல் 8 போட்டா, அது எதோட வேகமும் இல்ல. இன்னொருத்தன் 81ல இருந்து 25 கழிச்சு 8ஆல வகுத்தான், 7 வந்துச்சு. அது தப்பு கணக்கு இல்ல, ஆனா அது மொத எட்டு நிமிஷத்தோட சராசரி. நான் கேட்டது எட்டாவது நிமிஷம் முள்ளு காட்டுற அந்த நேரத்துல எவ்ளோன்னு. ட்ரம் நெறையா இருக்கும்போது மேல இருக்குற தண்ணியோட அழுத்தத்துல பீய்ச்சி அடிக்கும், போகப்போக சோர்ந்துடும், அதனால சராசரி எட்டாவது நிமிஷத்து வேகத்த விட அதிகமா தான் வரும்.

இப்போ அந்த 13 இருக்கே, தொடுகோடு கீழ முட்டுன எடம், அத பாருங்க. எட்டாவது நிமிஷத்துல 25 சென்டிமீட்டர் மிச்சம். அந்த வேகம் கொறையாமயே போனா இன்னும் அஞ்சு நிமிஷம், 13ல காலி. ஆனா நெஜத்துல 18 ஆச்சு. தொடுகோடுன்றது அந்த நேரத்து வேகத்த அப்படியே புடிச்சு வச்சிக்கினு நேரா போற கோடு, வளைவு தான் அதுல இருந்து விலகி சோர்ந்து போகுது.

தொடுகோடு கண்ணால போட்டா கை நடுங்கும், அதுக்கு கண்ணாடி வைக்கிறத சொல்லாம போனா திட்டுவீங்க. கண்ணாடிய புள்ளி மேல வளைவுக்கு குறுக்க செங்குத்தா நிக்க வச்சு திருப்பிக்கினே இருங்க, வளைவும் கண்ணாடிக்குள்ள தெரியுற வளைவும் ஒடையாம ஒரே கோடா ஓடும்போது நிறுத்தி ஓரத்துல கோடு போடுங்க. அது செங்கோடு. அதுக்கு 90 டிகிரில போட்டா தொடுகோடு ரெடி.

இதுக்கு நான் பட்ட பாடு கேளுங்க. பாரிஸ் கார்னர்ல 40 ரூபா குடுத்து குட்டி கண்ணாடி வாங்கினேன், 50 சொன்னான், பேசி கொறச்சேன்னு பெருமை வேற. வீட்டுக்கு வந்து வச்சா சுத்தி பிளாஸ்டிக் சட்டம், வளைவு சட்டத்துக்கு அடியில மறைஞ்சிடுச்சு. நாற்பது ரூபா! அப்புறம் எங்க தெருமுனையில கண்ணாடி வெட்டுறவர் ஒரு துண்ட ஓரம் தேச்சு 10 ரூபாய்க்கு குடுத்தார். அதுலயும் வளைவு சேராம ஒரு சின்ன இடைவெளி தெரிஞ்சுது, ஏன்னா ரசம் பூசுனது கண்ணாடிக்கு பின்பக்கம். முன்பக்க ஓரத்த வுட்டுட்டு பின்பக்க ஓரத்த புள்ளி மேல வச்சதும் டக்குனு சேந்துச்சு, நான் கத்துன கத்துல கீழ் வீட்டு ஆயா எட்டிப்பாத்தாங்க.

சரியான்னு செக் பண்ண ஒரு வழி, புள்ளிக்கு ரெண்டு பக்கமும் சமமா தள்ளி எடுங்க. நாலாவது நிமிஷம் 49, பன்னெண்டாவது 9, வித்தியாசம் 40, எட்டு நிமிஷம், 5. நம்ம ட்ரம் வளைவு பரவளையம்றதால கச்சிதமா வருது, வேற வளைவுல கிட்டத்தட்ட தான் வரும், அங்க நெருங்குன புள்ளியா எடுக்கணும்.

அந்த பையனுக்கு புது ஹோம்வொர்க் 16வது நிமிஷம். அங்க நெஜமாவே நிமிஷத்துக்கு 1 சென்டிமீட்டர் தான் வரும், ஆனா மொத ஷீட்ல கோணமானி வச்சா 11 டிகிரி தான் காட்டும். இத அவங்கிட்ட நான் சொல்லல, நீங்களும் கமெண்ட்ல சொல்லிடாதீங்க, அவன் நம்ம வீடியோவ பாப்பான்.